வருடத்தின் நடுவில் விலை ஏறினால் பட்ஜெட்டை எப்படித் திருத்துவது, எதில் கை வைப்பது

வருட ஆரம்பத்தில் போட்ட பட்ஜெட் நான்காவது மாதமே இடிக்க ஆரம்பித்தால், பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். எல்லா இனத்திலும் 10% ஏற்றி எழுதுவார்கள், அல்லது எல்லா இனத்திலும் 10% வெட்டுவார்கள். இரண்டுமே பிசகும். விலை எல்லா இனத்திலும் ஒரே அளவில் ஏறுவதில்லை, ஒரே தேதியில் ஏறுவதும் இல்லை. வெட்டுவதும் அப்படித்தான். சில இனங்களில் நாளைக்கே பணம் மிச்சமாகும், சிலவற்றில் வருடம் முடியும்வரை ஒரு காசும் வராது.

அதனால் இந்த வேலையை மாதக் கணக்கில் செய்ய வேண்டும். ஒவ்வொரு இனத்திலும் விலை எவ்வளவு ஏறியது, ஏறிய விலையில் இன்னும் எத்தனை தடவை கட்டப் போகிறோம், வெட்டினால் எந்த மாதத்திலிருந்து பணம் மிச்சமாகும் என்று பார்த்துக்கொண்டே போகலாம். கீழே ஒரு குடும்பத்தின் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டியிருக்கிறது. மாத வருமானம் 1,000, வருடத்துக்கு 12,000. நாணயம் எதுவாகவும் இருக்கலாம். செலவு 11,040, சேமிப்பு 960 என்று திட்டம். வருமானம் இந்த வருடம் ஏறாது. 4வது மாதம் பிறக்கும்போது விலைகள் ஒரேயடியாக ஏறுகின்றன.

முதலில் விலையையும் அளவையும் பிரியுங்கள்

4வது மாத முடிவில் மளிகைச் செலவைக் கூட்டிப் பார்த்தால் 260 வருகிறது. திட்டத்தில் இருந்தது 220. ஆக 18% கூடுதல். "மளிகை 18% ஏறிவிட்டது" என்று எழுதத்தான் கை போகும். ஆனால் இந்த 260க்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அதே சாமானுக்குக் கூடுதலாகக் கொடுத்தது. இன்னொன்று, கூடுதலாக வாங்கியது. முதலாவதுதான் விலையேற்றம்.

பிரிக்கும் வழி எளிது. பழைய பில் ஒன்றை எடுங்கள். செலவின் பெரும்பகுதியை விழுங்கும் 15 அல்லது 20 சாமான்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் அன்றைய விலை, இன்றைய விலை இரண்டையும் கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பாக்கெட் விலையை எழுதினால் ஏமாந்து போவீர்கள். 500 கிராம் பாக்கெட் சத்தமில்லாமல் 450 கிராம் ஆகி, அதே விலையில் விற்றால், கிலோ கணக்கில் அது 11% ஏற்றம்.

பிறகு பழைய பில்லில் வாங்கிய அதே அளவுகளை இன்றைய விலையில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். ஏற்ற சதவீதங்களை மட்டும் எடுத்து சராசரி போடக் கூடாது. செலவில் 60 பங்கு எடுக்கும் சாமான் 20% ஏறி, 40 பங்கு எடுக்கும் சாமான் ஏறாமல் இருந்தால் உங்கள் ஏற்றம் 12%. வெறும் சராசரி 10% என்று சொல்லும். பழைய அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு புது விலையைப் போடும் இந்த முறை ஜெர்மன் பொருளியலாளர் லாஸ்பியர்ஸ் 1871இல் எழுதிய சூத்திரம்தான். அரசுகள் போடும் விலைவாசிக் குறியீடுகளின் அடிப்படையும் பெரும்பாலும் இதுவே. ஒரே வித்தியாசம், அவர்கள் விலை பார்க்கும் சாமான் பட்டியல், அதாவது கூடை, சராசரிக் குடும்பத்தின் கூடை, இது உங்கள் கூடை. செய்தியில் வரும் சதவீதத்தை அப்படியே எடுத்துப் பட்ஜெட்டில் போடக் கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான். கடன் தவணைக்குப் பெரும்பங்கு போகும் வீட்டுக்கும், வாடகைக்குப் பெரும்பங்கு போகும் வீட்டுக்கும் ஒரே விலையேற்றம் இருக்க முடியாது.

நம் குடும்பத்தில் கூடை 12% என்று சொல்கிறது. 220க்கு 12% என்றால் 246 ஆகியிருக்க வேண்டும். ஆனது 260. மீதி 14 விலையால் வந்ததல்ல. விருந்தாளி வந்திருக்கலாம், இன்னும் ஏறுமோ என்று பயந்து முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்திருக்கலாம். இந்த 14ஐயும் விலையேற்றம் என்று எழுதினால், மீதி 9 மாதத்துக்கு மளிகைப் பற்றாக்குறை 238 அல்ல, 360 ஆகிவிடும். அதைவிட மோசம், கூடுதலாக வாங்கும் பழக்கம் பட்ஜெட்டில் சட்டப்படி இடம்பிடித்துவிடும்.

மற்ற இனங்களில் இவ்வளவு வேலை இல்லை. மின்சார பில்லில் யூனிட் எண்ணிக்கை தனியாகவே இருக்கும். வாடகை, கட்டணம், காப்பீட்டு பிரீமியம் ஆகியவற்றுக்கு எழுத்தில் அறிவிப்பு வரும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். நிலையான வட்டிக் கடனின் தவணை விலை ஏறினாலும் மாறாது, அங்கே 0% எழுதுங்கள். மாறும் வட்டி என்றால் வங்கியின் அறிவிப்பைப் பார்த்து எழுதுங்கள்.

மீதி எத்தனை தடவை கட்ட வேண்டும்

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். 4வது மாதம் ஏறிய விலை இந்த வருடத்தில் 9 மாதத்தை மட்டுமே தொடும். 7வது மாதம் புதுப்பிக்கும் வாடகை ஒப்பந்தம் 6 மாதத்தைத் தொடும். வருடத்துக்கு ஒரு தடவை கட்டுவது ஒரே தடவை தொடும். எனவே ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று எண்கள் போதும்: ஒரு தடவை கட்டும் தொகை, ஏற்றம், ஏறிய விலையில் கட்டப்போகும் தடவைகள். மூன்றையும் பெருக்கினால் இந்த வருடக் கூடுதல்.

| இனம் | ஒரு தடவைக்கு | ஏற்றம் | தடவை | கூடுதல் |
|---|---|---|---|---|
| வாடகை | 250 | 10% | 6 | 150 |
| மளிகை | 220 | 12% | 9 | 238 |
| மின்சாரம், எரிவாயு | 50 | 20% | 9 | 90 |
| போக்குவரத்து | 75 | 15% | 9 | 101 |
| கடன் தவணை | 120 | 0% | 9 | 0 |
| பள்ளிக் கட்டணம் | 840 | 10% | 1 | 84 |
| காப்பீடு | 480 | 15% | 1 | 72 |
| மற்றவை | 95 | 5% | 9 | 43 |

"மற்றவை" என்பதில் வெளியே சாப்பிடுவது, பொழுதுபோக்கு, சந்தாக்கள், உடை எல்லாம் அடக்கம். விரிதாளில் போடுவதென்றால் A பத்தியில் இனம், B, C, D பத்திகளில் அடுத்த மூன்று எண்கள். மொத்தக் கூடுதலுக்கு ஒரே சூத்திரம்:

```
=SUMPRODUCT(B2:B9,C2:C9,D2:D9)
```

விடை 778. இந்த வருடம் தேட வேண்டிய தொகை இதுதான். எல்லாவற்றையும் 10% ஏற்றி எழுதியிருந்தால் 1,104 என்று வந்து, தேவையில்லாத இடத்திலும் கத்தி வைத்திருப்போம்.

இதே அட்டவணையில் மாதாமாதம் கட்டும் இனங்களுக்கெல்லாம் தடவை 12 என்று மாற்றிப் பாருங்கள். விடை 1,085 ஆகிவிடும். அது அடுத்த வருடக் கூடுதல். இனி ஒரு சாமானின் விலையும் ஏறாவிட்டாலும் அது வரும். விலையேற்ற வேகம் குறைந்தது என்று செய்தி வந்தால் விலை குறைந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். குறைந்தது ஏறும் வேகம் மட்டும்தான். ஏறின விலை ஏறின இடத்திலேயே நிற்கும். அதனால் 778, 1,085 இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைத்துக்கொண்டு வெட்டும் வேலைக்குப் போங்கள். இந்த வருடத்தை மட்டும் சமாளிக்கும் வெட்டும், அடுத்த வருடமும் நிற்கும் வெட்டும் வேறு வேறு.

எதை வெட்டுவது

"அவசியமா, ஆடம்பரமா" என்ற கேள்வியில் ஆரம்பித்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். ஒருவருக்கு ஆடம்பரம் இன்னொருவருக்கு அவசியம். அதைவிட உதவும் கேள்விகள் மூன்று. இந்த வருடம் இன்னும் கட்டாத பணம் அந்த இனத்தில் எவ்வளவு இருக்கிறது? வெட்டுவதற்கே செலவு உண்டா? வெட்டினது பின்னால் பெரிதாகத் திரும்பி வருமா?

முதல் கேள்வி இனத்தின் அளவைவிட முக்கியம். பள்ளிக் கட்டணம் 840, பெரிய தொகைதான். ஆனால் கட்டி முடித்த மறுநாள் அதில் வெட்ட ஒன்றுமில்லை. அதற்கு முன் தவணை வசதி கேட்கலாம், சலுகை கேட்கலாம், அவ்வளவே.

இரண்டாவது கேள்விக்கு நல்ல உதாரணம் வாடகை. மாதம் 50 குறைவான வீடு கிடைக்கிறது, 9வது மாதம் மாறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் மிச்சம் 4 மாதத்துக்கு 200. சாமான் ஏற்றி இறக்கும் கூலி, தரகு, புது வீட்டில் போட வேண்டிய சில்லறைச் செலவு என்று 300 ஆனால், இந்த வருடம் 100 நஷ்டம். இதை அடுத்த வருடக் கணக்கில் வைத்துத்தான் யோசிக்க வேண்டும். முன்பணம் வேறு முடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வியில் மாட்டுபவை வாகன சர்வீஸ், தொடர் மருந்து, பல் வைத்தியம், காப்பீடு. இவற்றில் மிச்சம் உடனே தெரியும், நஷ்டம் தாமதமாகத் தெரியும், தெரியும்போது பல மடங்காக இருக்கும். காப்பீட்டை நிறுத்துவதற்குப் பதில், புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வேறு இரண்டு இடங்களில் அதே பாதுகாப்புக்கு விலை கேளுங்கள். அதே பாதுகாப்பு என்பதில் கவனம் வேண்டும். பிரீமியம் குறைவாக இருப்பது நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கைக் கூட்டியதால் என்றால் அது மிச்சமே அல்ல.

கடன் தவணையின் குறைந்தபட்சத் தொகையை வெட்டும் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம்.

வெட்டை எண்ணிக்கையாக எழுதுங்கள்

நம் குடும்பம் 4வது மாத முடிவில் உட்கார்ந்து பேசுகிறது. வெட்டு 5வது மாதத்திலிருந்துதான் தொடங்கும், ஆக 8 மாதம். 4வது மாதக் கூடுதல் ஏற்கெனவே போய்விட்டது.

சந்தாக்களில் யாரும் தொடாத இரண்டை ரத்து செய்தால் மாதம் 12, எட்டு மாதத்துக்கு 96. ரத்து செய்ததற்கான உறுதிச் செய்தி வந்த பிறகே இதை எழுத வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தால், ரத்து செய்துவிட்டதாக நினைத்திருப்போம், பணம் போய்க்கொண்டே இருக்கும்.

மீதியெல்லாம் பழக்கத்தை மாற்றி வருவது. மாதம் ஐந்து தடவை வெளியே சாப்பிடுவது மூன்றாகிறது, மாதம் 18 மிச்சம். வண்டி எடுக்கும் ஐந்து பயணத்தில் ஒன்று குறைகிறது, 17. மளிகையில் மலிவான மாற்றுக்குப் போய், கெட்டுப்போய்க் கொட்டுவதையும் குறைத்தால் 20. மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு உபயோகத்தைக் குறைத்தாலும் பில் பத்தில் ஒரு பங்கு குறையாது. பில்லில் ஒரு பகுதி உபயோகத்தோடு சம்பந்தமில்லாத நிலைக்கட்டணமாக இருக்கலாம். 4 என்று எழுதுவது பத்திரம். மாதம் மொத்தம் 59, எட்டு மாதத்துக்கு சுமார் 472.

இந்த 472 முழுசாக வராது. பழக்கத்தை நம்பிய வெட்டில் ஒரு மாதம் தவறும், ஒரு திருவிழா வரும், ஒரு காய்ச்சல் வரும். 70% மட்டும் எழுதுவது எங்கள் வழக்கம். இது அறிவியல் இல்லை, கைக்கணக்கு. முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டு உங்கள் வீட்டு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 472க்கு 70% என்றால் 330. சந்தா 96ஐயும் சேர்த்தால் 426.

தேட வேண்டியது 778, கிடைத்தது 426, மீதி 352. இது சேமிப்பிலிருந்து வரும். திட்டத்தில் இருந்த 960 இப்போது 608 ஆகும். சேமிப்பைத் தொடவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது பிடிவாதமாகப் படுகிறது. சேமிப்பை முதலில் தொடுவதுதான் தப்பு, ஏனென்றால் அதுதான் வலிக்காமல் வெட்டுப்படும் ஒரே இனம். அங்கே தொடங்கினால் மற்ற இனங்கள் பேச்சுக்கே வராது. கடைசியில், எவ்வளவு என்று தெரிந்து குறைப்பது வேறு.

வீட்டு உரிமையாளரிடம் பேசி 10% ஏற்றத்தை 6% ஆக்க முடிந்தால் 6 மாதத்தில் 60 மிச்சம். அது கைக்கு வந்த பிறகு சேமிப்பில் சேரட்டும். பேசுவதற்கு முன்பே கணக்கில் எழுதாதீர்கள். பேசுவதை 6வது மாத ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள், புது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பேசிப் பயனில்லை.

நடக்கிறதா என்று எப்படித் தெரியும்

மாத முடிவில் தொகையை மட்டும் பார்த்தால் குழம்புவீர்கள். போக்குவரத்தில் பயணத்தைக் குறைத்த அதே மாதம் எரிபொருள் விலை இன்னும் ஏறினால், செலவு குறைந்ததாகவே தெரியாது. "என்ன செய்தும் பிரயோஜனமில்லை" என்று அந்த இடத்தில்தான் பலர் விடுகிறார்கள். எண்ணிக்கையைப் பாருங்கள்: எத்தனை தடவை வெளியே சாப்பிட்டோம், எத்தனை பயணம், எத்தனை யூனிட். எண்ணிக்கை குறைந்து தொகை ஏறியிருந்தால் வெட்டு வேலை செய்கிறது, விலை ஏறியிருக்கிறது. அட்டவணையின் ஏற்றப் பத்தியைத் திருத்த வேண்டும். எண்ணிக்கையே குறையவில்லை என்றால் வெட்டு காகிதத்தில்தான் இருக்கிறது.

மளிகையில் எண்ணிக்கை பார்க்க முடியாது. அதற்கு அந்தப் பழைய கூடையையே பயன்படுத்துங்கள். விலையை அளக்கும்போது பழைய பிராண்டின் விலையையே பார்க்க வேண்டும். மலிவான மாற்றுக்குப் போனது வெட்டு, விலை இறக்கமல்ல. புது பிராண்டின் விலையை ஏற்றப் பத்தியிலும் எழுதி, வெட்டிலும் எழுதினால் ஒரே மிச்சத்தை இரண்டு தடவை எண்ணுகிறீர்கள். கணக்கு நன்றாக இருக்கும், வங்கியில் பணம் இருக்காது.

கிரெடிட் கார்டு இருந்தால் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் அதன் மொத்த பாக்கியை எழுதுங்கள். வங்கிக் கணக்கில் செலவு குறைந்து, கார்டு பாக்கி அதே அளவு ஏறியிருந்தால் ஒன்றும் வெட்டப்படவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறீர்கள், வட்டியோடு.

ஏதாவது ஒரு இனம் தொடர்ந்து இரண்டு மாதம் திருத்திய தொகையை 10% தாண்டினால் அட்டவணையை மீண்டும் போடுங்கள். ஒரு மாதம் தாண்டினதற்கெல்லாம் போட்டால் சலித்துப்போகும்.

அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போக வேண்டிய எண்

வருட முடிவில் அந்த 1,085ஐ எடுங்கள். இதே வெட்டுகள் 12 மாதமும் நீடித்தால் சந்தாவில் 144, பழக்க வெட்டில் 59ஐ 12ஆல் பெருக்கி 70% எடுத்தால் 496, ஆக 640. மீதி 445. சேமிப்பைப் பழைய 960க்கே கொண்டுபோக, வருமானம் அந்த அளவு கூட வேண்டும். 12,000க்கு 445 என்றால் 3.7%, அதுவும் கைக்கு வரும் தொகையில். சம்பள உயர்வு பேசும்போது இதற்குக் கீழே ஒத்துக்கொண்டால் எவ்வளவு சேமிப்பு குறையும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

உயர்வு வராவிட்டால், இந்த வருடம் நஷ்டம் என்று ஒதுக்கின வீடு மாறும் யோசனையை மறுபடி எடுங்கள். வருட முதல் மாதமே மாறினால் 12 மாதத்துக்கு 600 மிச்சம், மாறும் செலவு 300 போக 300 நிற்கும். ஆனால் ஒப்பந்தம் 7வது மாதம்தான் முடிகிறது. நடுவில் விட்டால் பிடித்தம் உண்டா என்று அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பிடித்தத் தொகையையும் 300இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.